மூன்று நிமிடப் பேச்சுக்குப் பத்து நாள் வாசிப்பு: நாளிதழ் பற்றிக் காலைக் கூட்டத்தில் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

"தினமும் நாளிதழ் வாசிப்பது சிந்திக்கும் பழக்கத்தை வளர்க்கிறது." காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச இந்தத் தலைப்பைக் கொடுத்தால், பெரும்பாலான மாணவர்கள் மறுநாளே பேச்சோடு வந்துவிடுகிறார்கள். பொது அறிவு பெருகும், சொல்வளம் வளரும், உலகம் உள்ளங்கையில் வந்துவிடும். பேச்சு சரியாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றாவது வரி வருவதற்குள் கடைசி வரிசை காலால் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடும்.

பல ஆண்டுகளாக மாணவர்களைக் காலைக் கூட்டப் பேச்சுக்குத் தயார் செய்துவருகிறேன். இந்தத் தலைப்பில் தடுமாறுகிறவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நாளிதழை வாசிக்காமலே நாளிதழைப் பற்றி எழுதுகிறார்கள். கீழே உள்ள வரிசை அந்தத் தவறைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தது.

1. முதலில் பத்து நாள் கேளுங்கள்

"நாளைக்குப் பேசு" என்றால் இந்த வழி உதவாது. பொறுப்பாசிரியரிடம் பத்து நாள் கேட்டு வாங்குங்கள். ஆறேழு நாள் வாசிக்க, ஒரு நாள் எழுத, இரண்டு நாள் ஒத்திகைக்கு.

இத்தனை நாள் எதற்கு? தலைப்பில் "தினமும்" என்ற சொல் இருக்கிறது. ஒரு நாள் இதழை வாசித்தால் தகவல் கிடைக்கும். அதே செய்தி மறுநாள் என்ன ஆனது, நான்காம் நாள் என்ன ஆனது என்று பார்க்கும்போதுதான், நாம் எவ்வளவு அவசரமாக நம்பினோம் என்பது தெரியவரும். அதைச் சொல்வதற்கு நீங்கள் அதை ஒரு முறையாவது அனுபவித்திருக்க வேண்டும்.

தேவையானவை மூன்று. தினமும் ஒரே நாளிதழ், ஒரு குறிப்பேடு, ஒரு பேனா. நாளிதழ் வேறு வேறாக இருந்தால், செய்தி மாறியதா அல்லது இதழுக்கு இதழ் எழுதும் விதம் மாறியதா என்று பிரித்தறிய முடியாது. பழைய இதழ்களை யாரும் எடைக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஐந்தாம் நாள் முதல் நாளின் இதழைத் தேடும்போது அது அலமாரித் தட்டில் விரிப்பாகியிருப்பதைப் பார்த்த மாணவர்கள் இருக்கிறார்கள்.

பென்சில் வேண்டாம், பேனாதான். காரணம் மூன்றாம் படியில் வருகிறது.

2. இன்னும் முடியாத செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

விளையாட்டுப் போட்டியின் முடிவு அன்றோடு முடிந்துவிடும். பரிசளிப்பு விழாவும் அப்படித்தான். அவற்றைத் தொடர்ந்து வாசிக்க எதுவும் இருக்காது. நமக்கு வேண்டியது, காரணம் இன்னும் தெரியாத செய்தி. ஒரு தீ விபத்து, ஒரு பாலத்தில் கண்ட விரிசல், ஏரியில் திடீரென்று செத்து மிதந்த மீன்கள். "ஏன்?" என்ற கேள்வி திறந்தே கிடக்கும் செய்திகள் இவை. அடுத்த சில நாளில் ஏதாவது ஒரு மாற்றம் வர வாய்ப்பு அதிகம்.

உயிரிழப்பு உள்ள செய்தியை விட்டுவிடுங்கள். கூட்டத்தில் சிறு குழந்தைகளும் நிற்பார்கள். கட்சி, மதம் தொடர்பான செய்தியும் வேண்டாம். அதை எடுத்தால் கேட்பவர்கள் நீங்கள் எந்தப் பக்கம் என்று யோசிப்பார்களே தவிர, எப்படி வாசித்தீர்கள் என்பதைக் கவனிக்க மாட்டார்கள்.

எந்தச் செய்தி தொடரும் என்று முதல் நாளே சொல்ல முடியாது. அதனால் மூன்று செய்திகளில் தொடங்குங்கள். இரண்டு நின்றுபோகும், ஒன்றாவது நகரும்.

3. குறிப்பேட்டில் மூன்று கட்டம் போடுங்கள்

இந்தப் படிதான் முழுப் பேச்சுக்கும் அடித்தளம். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் தேதியும் தலைப்பும். இரண்டாவதில், யார் சொன்னது, எந்தச் சொல்லால் சொன்னார்கள் என்பது. மூன்றாவதில், இன்று நான் என்ன நம்புகிறேன் என்று ஒரே ஒரு வரி.

மூன்றாவது கட்டத்தை அன்றைக்கே நிரப்ப வேண்டும். பேனா என்று சொன்னது இதற்காகத்தான். முடிவு தெரிந்த பிறகு, "எனக்கு அப்போதே சந்தேகம்தான்" என்று நம் மனம் சொல்லும். பெரியவர்களுக்கும் அப்படித்தான் சொல்லும். அழிக்க முடியாத மையில் எழுதிய வரி ஒன்று இருந்தால் மனம் அப்படி ஏமாற்ற முடியாது. தவறாகிப்போனால் அழிக்காதீர்கள், ஒரு கோடு போட்டு அடியுங்கள். அடித்த வரியும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

நேரத்தை மிச்சப்படுத்த நினைத்து, ஒரு வார இதழ்களை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வாசித்து மூன்று கட்டங்களையும் நிரப்பிய மாணவன் ஒருவன் உண்டு. பக்கம் அழகாக இருந்தது, ஓர் அடித்தலும் இல்லை. முடிவு தெரிந்துகொண்டே எழுதியதால் அவனிடம் பேசுவதற்கு எதுவும் இல்லை.

இரண்டாவது கட்டம் பலருக்குப் புரிவதில்லை. செய்தி வாக்கியத்தின் முடிவைப் பாருங்கள். "என்று அதிகாரி கூறினார்" என்றிருந்தால், சொன்னவர் ஒருவர் இருக்கிறார். "என்று கூறப்படுகிறது" என்றிருந்தால், சொன்னவர் யார் என்று வாக்கியத்தில் இல்லை. "இருக்கலாம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரிகிறது" என்றால், விசாரணை முடியவில்லை. இந்த வால்களைச் செய்தியாளர் அலங்காரத்துக்காக ஒட்டுவதில்லை. தனக்கு எவ்வளவு உறுதி என்பதை அவற்றில்தான் சொல்கிறார். அவசரமாக வாசிக்கும்போது நாம் முதலில் விழுங்குவதும் அவற்றையே.

தலைப்பில் அந்த வால் பெரும்பாலும் இருக்காது. தலைப்புக்கான இடம் சிறியது. செய்தியை எழுதியவர் ஒருவர், தலைப்புக் கொடுப்பவர் பெரும்பாலும் அலுவலகத்தில் இருக்கும் உதவி ஆசிரியர். நான்கைந்து சொல்லில் முடிக்க வேண்டும் என்னும்போது "இருக்கலாம்" என்பது முதலில் வெளியேறிவிடுகிறது. தலைப்பையும் முதல் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை ஒரு வேலையாகவே செய்யுங்கள்.

4. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

ஏழாம் நாள் குறிப்பேட்டைப் பாருங்கள். எந்த வரியை அடித்தீர்கள்? ஏன்? அந்த "ஏன்" உங்கள் பேச்சின் மையம். தலைப்பை மட்டும் நம்பியதாலா, சொன்னவர் யார் என்று பார்க்காததாலா, முதல் நாளே முடிவுக்கு வந்ததாலா? மூன்றும் இருந்தாலும் ஒன்றைத்தான் பேச வேண்டும். மூன்று நிமிடத்தில் ஒரு பழக்கத்தைக் காட்டலாம். ஐந்து பழக்கங்களை வரிசையாகச் சொன்னால் அது மளிகைப் பட்டியல்.

இந்த இடத்தில் அடிக்கடி நேரும் பிழை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வரி ஒன்றை அடித்த மாணவர் பலர், "ஆகவே நாளிதழ்கள் பொய் சொல்கின்றன" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மேடையில் அது கைத்தட்டல் வாங்கும், ஆனால் சரியான முடிவு இல்லை. நாளிதழ் இரவில் அச்சுக்குப் போகிறது. அதுவரை தெரிந்தது எதுவோ அதைத்தான் செய்தியாளர் எழுத முடியும். தீயணைக்கப் போனவர்கள் சாம்பலைக் கிளறிக் காரணம் கண்டுபிடிக்கச் சில நாளாகும், அதற்காக இதழ் காத்திருக்காது. முதல் நாள் செய்தி, அன்றைய இரவு வரை எட்டிய தூரம். அந்தத் தூரம் "இருக்கலாம்" என்ற சொல்லில் எழுதப்பட்டும் இருக்கிறது. பிழை, அதைத் தாண்டி ஓடிய நம்முடையது.

வேறு சில சமயம் செய்தி உண்மையிலேயே தவறாக இருக்கும், பிறகு திருத்தம் வெளியாகும். அப்படி அமைந்தால் அந்தத் திருத்தத்தையும் வெட்டிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது வேறு பேச்சு.

"கைபேசியிலேயே செய்தி வருகிறதே, காகிதம் எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள். அதற்கும் குறிப்பேட்டிலேயே பதில் இருக்கிறது. இணையத்தில் ஒரு செய்தியைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலும் பழைய வரிகளின் மேலேயே எழுதிவிடுகிறார்கள். காலையில் என்ன சொன்னார்கள் என்பது மாலையில் வாசிப்பவருக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அச்சான தாள் செவ்வாய்க்கிழமையிலேயே நிற்கிறது. நம் பழைய நம்பிக்கையை ஒப்பிட்டுப் பார்க்க அது அசையாமல் இருப்பது வசதி. இதைப் பேச்சில் சேர்க்க வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள்.

5. நடுவிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

முதல் வரியில் உட்கார்ந்துவிட்டால் மேற்கோள் தேடத் தோன்றும், அதிலேயே ஒரு மாலை போய்விடும். முதலில் நடந்ததை நாள் வரிசையில் எழுதுங்கள். அடுத்து, வரியை அடித்த கணத்தை எழுதுங்கள். தொடக்கம் கடைசியில். அதுவும் எளிது: கையில் இருக்கும் குறிப்பேடுதான் தொடக்கம்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படித் தயாரித்த பேச்சைக் கீழே தருகிறேன். ஊர்ப் பெயரையும் இதழின் பெயரையும் நீக்கியிருக்கிறேன்.

> அனைவருக்கும் வணக்கம். இது என் குறிப்பேடு. போன வாரம் செவ்வாய்க்கிழமை இதில் ஒரு வரி எழுதினேன். "கிடங்கு எரிந்ததற்கு மின்கசிவுதான் காரணம்." மூன்று நாள் கழித்து அந்த வரியை நானே அடித்தேன்.
>
> அன்று காலை நாளிதழில் ஒரு செய்தி. பழைய துணிக் கிடங்கு ஒன்றில் தீ. யாருக்கும் காயம் இல்லை. தலைப்பு இப்படி இருந்தது: "மின்கசிவால் கிடங்கில் தீ." நம்பினேன். எழுதிவைத்தேன்.
>
> மறுநாள் சேதத்தின் மதிப்பு மட்டும் வந்தது. காரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வெள்ளிக்கிழமை, ஐந்தாம் பக்கத்தில், என் உள்ளங்கை அளவுக்கு ஒரு செய்தி. தீப்பிடித்தபோது கிடங்கில் மின்சாரமே இல்லை. பழுது பார்ப்பதற்காகக் காலையிலேயே இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் மின்கசிவு எங்கிருந்து வரும்?
>
> செவ்வாய்க்கிழமை இதழை மறுபடி எடுத்தேன். தலைப்பை விட்டுவிட்டு முதல் பத்தியைப் படித்தேன். "மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரிகிறது." இருக்கலாம்! அந்தச் சொல் அன்றைக்கே அங்கே இருந்தது. தலைப்பில் இல்லை. என் குறிப்பேட்டிலும் இல்லை.
>
> ஞாயிற்றுக்கிழமை இன்னொரு செய்தி. பக்கத்துக் கட்டடத்தில் நடந்த வெல்டிங் வேலையில் தெறித்த பொறி காரணமாக இருக்கலாம் என்று தீயணைப்பு அதிகாரி சொல்லியிருந்தார். இந்த முறை நான் எழுதிய வரி இது: "வெல்டிங் பொறியாக இருக்கலாம். சொன்னவர் தீயணைப்பு அதிகாரி. விசாரணை முடியவில்லை."
>
> முதல் வரியை எழுதியபோது நான் தலைப்பை மட்டும் பார்த்தேன். இரண்டாவது வரியை எழுதியபோது, யார் சொன்னது, எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று பார்த்தேன். ஆறு நாள் நாளிதழ் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான்.
>
> இன்று நாளிதழைப் பார்த்தால், ஒரே ஒரு செய்தியில் "இருக்கலாம்", "கூறப்படுகிறது" என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். நன்றி.

இந்தப் பேச்சில் "சிந்தனை" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவள் சிந்தித்ததைக் கூட்டம் பார்த்துவிட்டது, பிறகு பெயர் எதற்கு? "ஒன்றுதான்" என்று அடக்கமாகச் சொல்லியிருப்பதும் முக்கியம். ஆறு நாளில் அறிவாளி ஆகிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். முதல் வரைவில் "ஆய்வுகள் நிரூபிக்கின்றன" என்று ஒரு வரி இருந்தது. எந்த ஆய்வு என்று கேட்டேன், தெரியவில்லை. யார் சொன்னது என்று பார்க்கச் சொல்லும் பேச்சில் அந்த வரி நிற்கலாமா? அவளே எடுத்துவிட்டாள்.

6. செய்தி நகரவில்லை என்றால்

சில வாரங்களில் மூன்று செய்திகளும் அப்படியே நின்றுவிடும். அப்போது கற்பனையாக ஒரு முடிவைச் சேர்க்காதீர்கள். "இரண்டாம் நாளுக்குப் பிறகு இந்தச் செய்தி வரவே இல்லை, என் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது" என்பதும் நல்ல பேச்சுதான்.

அதுவும் போதாது என்று தோன்றினால் வரலாற்றில் பதிவான நிகழ்ச்சி ஒன்றை எடுக்கலாம். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அன்றைய நியூயார்க் மாலை இதழான ஈவ்னிங் சன், மோதலுக்குப் பிறகு அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள் என்று தலைப்பிட்டது. உண்மையில் 1,500 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். உயிர் தப்பியவர்களை ஏற்றிக்கொண்டு கார்பேத்தியா கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்தது 18ஆம் தேதி இரவில். 15ஆம் தேதி இதழோடு வாசிப்பை நிறுத்திய ஒருவர் எதை நம்பியிருப்பார் என்ற கேள்வியைச் சுற்றிப் பேச்சை அமைக்கலாம். உயிரிழப்பு உள்ள நிகழ்ச்சி என்பதால் இதை மேல் வகுப்புகள் மட்டும் நிற்கும் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் இது மாற்று ஏற்பாடுதான். சொந்தக் குறிப்பேட்டில் அடித்த ஒரு வரிக்கு இருக்கும் வலு இதற்கு இல்லை.

7. காதுக்காகத் திருத்துங்கள்

எழுதியதை யாராவது ஒருவருக்குத் தாளைக் காட்டாமல் வாசித்துக் காட்டுங்கள். அவர் "என்ன?" என்று கேட்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். கண்ணால் வாசிப்பவர் பின்னால் போய் மறுபடி படிக்கலாம், மைதானத்தில் நிற்பவரால் முடியாது. "மேற்கண்ட", "பின்வருமாறு" போன்ற சொற்கள் தாளில்தான் பொருள் தரும். கிழமைகளைச் சொல்லுங்கள், தேதிகளை விடுங்கள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என்றால் எத்தனை நாள் இடைவெளி என்பது கேட்கும்போதே மனதில் ஏறிவிடும்.

வாக்கியங்கள் நீளமாக இருந்தால் உடையுங்கள். திறந்த வெளியில் ஒலிபெருக்கியின் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். நீண்ட வாக்கியத்தின் முடிவு அதன் தொடக்கத்தின் எதிரொலியில் கலந்து போகும்.

8. கடிகாரத்தோடு ஒத்திகை பாருங்கள்

மௌனமாக வாசித்து நேரம் பார்ப்பது கணக்கில் சேராது. நின்றுகொண்டு, தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும் குரலில் வாசித்துப் பாருங்கள். மேலே உள்ள பேச்சு நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது. உங்களுடையது நீண்டால் வேகத்தைக் கூட்டாதீர்கள், ஒரு நாளை வெட்டுங்கள். இந்தப் பேச்சிலும் முதலில் சனிக்கிழமைச் செய்தி ஒன்று இருந்தது, அது சேதத்தைப் பற்றி இன்னொரு எண் மட்டும் என்பதால் போய்விட்டது.

"தலைப்பில் இல்லை" என்பதற்கும் "என் குறிப்பேட்டிலும் இல்லை" என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு நிறுத்தம் வேண்டும். பேச்சு முழுவதும் அந்த இடத்துக்காகத்தான் ஏறி வருகிறது. பதற்றத்தில் முதலில் காணாமல் போவதும் அந்த நிறுத்தம்தான், அதனால் தாளில் ஒரு பெரிய கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். நாள் வரிசை நினைவில் இருந்தால் போதும். இரண்டு மேற்கோள் வரிகளை மட்டும் குறிப்பேட்டைப் பார்த்து அப்படியே வாசியுங்கள். ஒரு சொல் மாறினாலும் பேச்சின் பொருள் மாறிவிடும்.

9. அன்று காலையில்

உங்கள் உயரத்துக்கு ஒலிவாங்கியைக் கூட்டம் கூடும் முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நாளிதழை விரித்துக் காட்ட ஆசைப்படாதீர்கள். காற்றில் அது படபடக்கும், அந்தச் சத்தம் ஒலிவாங்கியில் உங்கள் குரலைவிடப் பெரிதாகக் கேட்கும். கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு ஒன்றே போதும்.

தலைமையாசிரியர் தொடங்கி ஒவ்வொருவரையும் தனித்தனியே விளித்து வணக்கம் சொன்னால் அரை நிமிடம் போய்விடும். உங்கள் பள்ளியில் அது கட்டாயம் என்றால், ஒத்திகை நேரத்தில் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அடித்த வரியைச் சொல்லும்போது பக்கத்தைத் திறந்து கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள். பின்வரிசைக்கு எழுத்து தெரியாது, குறுக்கே போட்ட கோடு தெரியும்.

பேச்சு முடிந்ததும் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு இதழ்களில் வெட்டியெடுத்த மூன்று செய்திகளையும் அறிவிப்புப் பலகையில் வரிசையாகக் குத்திவையுங்கள். அந்த மாணவி அப்படி வைத்தபோது, இடைவேளையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைத் துண்டின் மேல் விரலை வைத்து, "அக்கா, இதிலும் இருக்கலாம் என்றுதானே இருக்கிறது, அப்புறம் என்ன ஆனது?" என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. அன்றைய நாளிதழைத் தேடி இருவரும் நூலகத்துக்குப் போனார்கள்.